கட்டம் போட்ட சேர்ட்டை இன்னொராளுக்குப் போட்டா கட்டம் கரைஞ்சு போகுது

மருதமுனைத்_தறி
அஸ்ஸலாமு அலைக்கும், வணக்கம் எல்லாருக்கும். எங்கட வீட்டுல தறி இரிக்கி. சாரத்தோட இப்ப சேர்ட் துணியும் நெய்றம், கல்முனையில ஒரு தையல்காரர் தைச்சுத் தாரார். பேஸ்புக் பக்கத்துக்குப் போட ஒவ்வொரு நிறத்துக்கும் ஆளைப் புடிச்சு, உடுத்திப் படம் எடுக்க ஏலாது. அதால சேர்ட்டைத் தரையில விரிச்சு ஒரு படம், மச்சான் கல்லடிப் பாலத்தடியில நிண்ட ஒரு படம், ரெண்டையும் ஒராளிட படத்துல வேற உடுப்பைப் போட்டுக் காட்டுற CatVTON எண்ட AI-இல குடுத்தன். மச்சானுக்கு சேர்ட் வடிவா ஏறிட்டு. கொலர், கை, மடிப்பு எல்லாம் அசல் மாதிரி. ஆனா துணி? கடும் நீலத்துல வெள்ளைக் கோடும் சிவப்புக் கோடும் போற சின்னக் கட்டம், 6 மில்லிமீற்றருக்கு ஒண்டு. அது படத்துல ஒரு இடத்துல கஞ்சி, ஒரு இடத்துல வலை. சிவப்பு எங்கயோ போயிட்டு. வாப்பா பாத்துட்டு "இது நம்மட துணி இல்லியே" எண்டார். என்ன பிழை விடுறன்?

ஏறாவூர்_எடிட்டர்
அது படத்தை வரையிற ஸ்டெப் எத்தின வச்சீங்க? 50 எண்டா 100 ஆக்குங்க. பிறகு வாற படத்தை Real-ESRGAN-ஆல 4 மடங்கு பெருப்பியுங்க. நான் கலியாண அல்பத்துக்கு அப்பிடித்தான் செய்றன், பளிங்கு மாதிரி வரும்.

மருதமுனைத்_தறி
செஞ்சு பாத்தன் காக்கா. இப்ப கஞ்சி போய் கூர்மையான கோடு வந்திரிக்கி. ஆனா என்னமோ ஒண்டு இடிக்குது, சொல்லத் தெரியல்ல.

வாவிக்கரை
இடிக்கிறது என்னெண்டு எண்ணிப் பாத்தாத் தெரியும். சேர்ட்டைக் கையில எடுங்க. நெஞ்சு மட்டத்துல பொத்தான் பட்டியில இருந்து கைக்குழித் தையல் வரைக்கும் எத்தின கட்டம்? படத்துல அதே இடத்துல எத்தின?

மருதமுனைத்_தறி
சேர்ட்டுல 40. படத்துல பெருப்பிச்ச பிறகு இடப்பக்கம் 29, வலப்பக்கம் 31.

வாவிக்கரை
அதுதான். உங்கட வாப்பாவிட கண் சரி. அது 8 மில்லிமீற்றர் கட்டம் போட்ட வேற ஒரு துணி. பெருப்பிக்கிற மென்பொருள் இல்லாத கோட்டைக் கண்டுபிடிச்சுத் தராது, இருக்கிற மங்கலைக் கூராக்கி நம்பும்படி ஆக்கும். ஏறாவூர் தம்பி சொன்னது முகத்துக்கும் வெறும் நிறத் துணிக்கும் சரி. கோடு எண்ணிக்கை ஏற்கெனவே சரியா இருந்தா கட்டத்துக்கும் சரி. பிழையான எண்ணிக்கையைக் கூராக்கினா பிழைதான் கூராகும்.

ஏன் எண்ணிக்கை மாறுது? இந்த மாதிரி முறைகள் துணியை வெட்டி ஒட்டுறதில்லை. சேர்ட்டுப் படத்தைப் பாத்து, மச்சானிட உடம்புக்கு மேல புதுசா வரையுது. வரையிறதும் நேரா பிக்சல்ல இல்லை. VAE எண்ட பகுதி முதல்ல படத்தை நீளத்துல 8 மடங்கு, அகலத்துல 8 மடங்கு சுருக்கும். 768க்கு 1024 படம் உள்ளுக்க 96க்கு 128 பெட்டி. ஒரு பெட்டியில 4 எண், அவ்வளவுதான். 8 பிக்சல் அகலமான ஒரு சதுரத்துல இருந்த எல்லாக் கோடும் அந்த 4 எண்ணுக்குள்ள மடிச்சு வைக்கப்படும்.

உங்கட சேர்ட்டுக்குக் கணக்குப் பாப்பம். கையை விரிச்சுப் போட்டுப் படம் எடுத்திருப்பீங்க, ஒரு கை நுனியில இருந்து மற்றக் கை நுனி எவ்வளவு?

மருதமுனைத்_தறி
84 சென்ரிமீற்றர். அரைக்கை சேர்ட்.

வாவிக்கரை
அது படத்துல ஏறக்குறைய 700 பிக்சலுக்குள்ள வந்திருக்கும். அப்ப ஒரு சென்ரிமீற்றருக்கு 8 பிக்சல் சொச்சம், ஒரு கட்டத்துக்கு 5 பிக்சல். ஒரு பெட்டிக்குள்ள ஒண்டரைக் கட்டம். மச்சானிட படம் தலையில இருந்து கால் வரைக்கும் எண்டா அங்க இன்னும் மோசம், ஒரு கட்டத்துக்கு 3 பிக்சல்தான் வரும். வெள்ளைக் கோடு 1 மில்லிமீற்றர் எண்டா அதுக்கு அரைப் பிக்சல். அதை எந்த ஸ்டெப்பாலயும் வரைய ஏலாது.

நம்பாட்டி இதை ஓட்டிப் பாருங்க. ஆளும் இல்லை, உடுப்பு மாத்துறதும் இல்லை. சேர்ட்டுப் படத்தைச் சுருக்கித் திரும்ப விரிக்கிறது மட்டும்:

```python
import torch
from PIL import Image
from diffusers import AutoencoderKL
from diffusers.image_processor import VaeImageProcessor

vae = AutoencoderKL.from_pretrained("stabilityai/sd-vae-ft-mse")
proc = VaeImageProcessor()
x = proc.preprocess(Image.open("shirt_768x1024.png").convert("RGB"))
with torch.no_grad():
    z = vae.encode(x).latent_dist.mode()
    y = vae.decode(z).sample
proc.postprocess(y)[0].save("shirt_vae.png")
```

`shirt_vae.png`-ஐப் பெரிசாக்கிப் பாருங்க. இதுலயே கட்டம் குழம்பினா, மாஸ்க்கை மாத்தி, ஸ்டெப்பை மாத்தி நேரத்தை வீணாக்க வேணாம், இதுக்கு மேல போக ஏலாது, இதுதான் உங்கட கூரை. இதுல கட்டம் நல்லா இருந்து, ஆளுக்குப் போட்ட படத்துல மட்டும் குழம்பினா நோய் வேற இடத்துல.

செல்வியக்கா_ஆரையம்பதி
தம்பிமார், எனக்கும் இதே பிரச்சினைதான். என்ர தங்கச்சிட மகளுக்கு சாரி கட்டிப் பாக்க ஒரு அப்புல போட்டன், சாரி முந்தானை இல்லாம நீளச் சட்டை மாதிரி வருகுது. கரையும் காணல்ல. இந்தப் புரோகிராமை ஓட்டினா சரி வருமா?

வாவிக்கரை
இல்லை அக்கா, உங்கட கதை வேற. CatVTON போல AI மாதிரிகள் பழகின படங்கள் பெரும்பாலும் மேல்சட்டை, கீழ் உடுப்பு, முழுச்சட்டை எண்ட மூண்டு வகைதான். VITON-HD எண்ட தொகுப்புல பொம்பிளையள்ட மேல்சட்டை மட்டும்தான். சாரி தைச்ச உடுப்பு இல்லை, கட்டுற துணி. விரிச்ச துணியில கொசுவம் எங்க வரும், முந்தானை எந்தத் தோளில எண்டு அதுக்குக் காட்டின ஆள் இல்லை. முதல்லயே சாரி கட்டின ஒரு ஆளிட படத்துல துணியை மட்டும் மாத்துறது ஓரளவுக்கு நடக்கும்.

செல்வியக்கா_ஆரையம்பதி
அப்ப சாரி கட்டித்தான் படம் எடுக்க வேணும். அதுக்குப் பிறகு எனக்கு ஏன் இந்த அப்பு 😄

மருதமுனைத்_தறி
ஓட்டிப் பாத்தன். நீங்க சொன்னதுதான். ஆளே இல்லாமலே நெஞ்சுப் பக்கத்துல கட்டம் அலை அலையா வந்திட்டு, சிவப்புக் கோடு மண்ணிறமாப் போயிட்டு. அப்ப கொஞ்சம் கிட்ட எடுத்தாச் சரி வருமா?

ஏறாவூர்_எடிட்டர்
அப்ப 2048ல ஓட்டுங்க. பிக்சல் கூடினாச் சரிதானே.

வாவிக்கரை
கணக்குச் சரி, ஆனா மாதிரி பழகினது 1024 அளவுல. நான் 2048ல ஓட்டினப்ப ரெண்டு பொத்தான் வரிசையும் கொலருக்குக் கீழ இன்னொரு கொலரும் வந்திச்சு. இன்னொராளுக்கு வேற மாதிரி வரலாம், நான் இனி முயலமாட்டன்.

கிட்ட எடுக்கிறது உதவும். ஆனா ரெண்டு படத்துலயும் செய்ய வேணும், ஆக்கள் ஆளிட படத்தை மட்டும்தான் வெட்டுவாங்க. மச்சானிட படத்தை இடுப்புக்கு மேல 80 சென்ரிமீற்றர் வாறமாதிரி வெட்டினா ஒரு கட்டத்துக்கு 7, 8 பிக்சல் கிடைக்கும். சேர்ட்டுப் படம் பழைய 5 பிக்சல்லயே நிண்டா அது பாத்துக் கொப்பியடிக்கிற மூலமே மங்கல். சேர்ட்டிட கையைக் கீழ மடக்கி, உடம்போட ஒட்டி விரியுங்க. அகலம் 84ல இருந்து 64க்கு இறங்கும், கட்டம் 7 பிக்சலாகும். படம் எடுக்கேக்க கதிரையில ஏறி நிண்டு, 2x வச்சு எடுங்க. கிட்டக் குனிஞ்சு எடுத்தா லென்ஸ் ஓரத்துல நேர்க்கோட்டை வளைக்கும், அந்த வளைவையும் அது துணியிட வளைவு எண்டு நம்பி மச்சானுக்கு உடுத்திவிடும்.

இதெல்லாம் செஞ்சாலும் உங்கட துணிக்கு ஒரு பெட்டிக்கு ஒரு கட்டம்தான். 2 சென்ரிமீற்றர்ப் பெரிய கட்டம் எண்டா இத்தோட முடிஞ்சிருக்கும். 6 மில்லிமீற்றருக்கு வேற வழி வேணும்.

நிந்தவூர்_நிலா
Flux எண்ட படம் வரையிற AI-ஐ அடியா வச்ச மாதிரிகளில ஒரு பெட்டிக்கு 4 இல்லை, 16 எண். அதுல இதே பரிசோதனை நல்லா வரும், நான் சின்ன எழுத்து அச்சடிச்ச ரீசேர்ட்டுல பாத்திருக்கன். ஆனா 1200 கோடி அளவுரு உள்ள மாதிரி, என்ட லப்டொப் திறக்கக்குள்ளயே மூச்சு வாங்கும்.

வாவிக்கரை
உண்மை. கூரை உயரும். ஆனா மடிச்சு வைக்க இடம் கூடினாலும் வரையிறது வரையிறதுதான், 40 கட்டம் 38 ஆகாது எண்டு கையடிச்சுத் தர ஏலாது. துணி விக்கிற ஆளுக்கு 38 போதுமா எண்டது அவர்ட வாப்பாவைத்தான் கேக்க வேணும்.

நான் செய்ற வழி இது. ஒரு படத்துல ரெண்டு விசயம் இருக்கு. துணி எங்க மடியுது, எங்க நிழல், தோள் எப்பிடி விழுது எண்டது ஒண்டு. அது மெதுவா மாறுற விசயம், மங்கலாப் பெருப்பிச்சாலும் கெடாது. மற்றது கோடு. அது பெருப்பிச்சா நாசம். முதலாவதை மாதிரியிட்ட கேளுங்க, ரெண்டாவதை உங்கட தறியிட்ட கேளுங்க.

முதல், சேர்ட்டுப் படத்தை GIMP-இல திறந்து துணியிட கோடு முழுக்க மறையிற அளவுக்கு மங்கலாக்குங்க. கொலர், பொத்தான், பட்டி, பை ஓரம் இதுகளை மாஸ்க் போட்டுக் கூராவே விடுங்க. இப்ப உங்களிட்ட ஒரே நிறச் சேர்ட் இருக்கு, அதை மச்சானுக்குப் போடுங்க. கட்டம் இல்லாததால அது குழம்ப ஒண்டும் இல்லை, மடிப்பு சுத்தமா வரும்.

பிறகு, தைக்காத துணித் துண்டை ஸ்கேனர்ல 300 dpi-ல எடுங்க. ஒரு சென்ரிமீற்றருக்கு 118 பிக்சல். வெட்டின மச்சானிட போன் படம் உயரத்துல 3000 பிக்சல், அதுல 80 சென்ரிமீற்றர் இருக்கு எண்டா சென்ரிமீற்றருக்கு 37 சொச்சம். அப்ப ஸ்கேனை 32 வீதத்துக்குச் சுருக்கினா அளவு சரி, ஒரு கட்டத்துக்கு 22 பிக்சல். மாதிரி தந்த 1024 படத்தை 3000க்குப் பெருப்பிச்சு, கறுப்பு வெள்ளையாக்கி, வெளிச்சமான இடம் வெள்ளைக்குக் கிட்ட வாற மாதிரி Levels-ல தூக்கி, துணிக்கு மேல Multiply-ல வையுங்க. அதே கறுப்பு வெள்ளைப் படத்தைக் கொஞ்சம் மங்கலாக்கி Displace-க்கு வரைபடமாக் குடுத்தா மடிப்புல கோடும் வளையும். 4, 5 பிக்சலுக்கு மேல தள்ள வேணாம், கோடு கிழியும்.

முகம், கை, பின்னால பாலம் எல்லாம் முதல் படத்துல இருந்தே வரட்டும். சேர்ட் இருக்கிற இடத்துல மட்டும் புதுசு. மாதிரி தந்த முகத்தை வச்சிட்டீங்க எண்டா மச்சானுக்கே ஆளை விளங்காது.

மருதமுனைத்_தறி
ரெண்டு நாள் மினக்கெட்டன். கட்டம் கூர்மை, சிவப்பும் வந்திட்டு. வாப்பாக்குக் காட்டினன். கொஞ்ச நேரம் பாத்துட்டு "சுவருக்கு ஒட்டின கடதாசி மாதிரி இரிக்கி" எண்டார். என்ன குறை எண்டு அவருக்கும் சொல்லத் தெரியல்ல, எனக்கும் தெரியல்ல.

கத்தரிக்கோல்_கல்முனை
நான் தைக்கிற ஆள், கொம்பியூட்டர் தெரியாது. மகன் காட்டினான். தம்பி, நீங்க ஒரே துணியை உடம்பு, கை, கொலர் எல்லாத்துக்கும் சேத்துப் போத்திரிக்கீங்க. சேர்ட் அப்பிடியா தைக்கிற? உடம்புத் துண்டுல பாவு மேல இருந்து கீழ போகும். கையை வெட்டக்குள்ள பாவு கை நீளத்துக்குப் போகும். ஆள் கையைச் சரிச்சு வச்சா கோடும் கையோட சரியும். உங்கட படத்துல கை சரிஞ்சிரிக்கி, கோடு நட்டுக்க நிக்கிது. தோளுக்குப் பின்னால வாற துண்டுல கட்டம் குறுக்க ஓடும். கொலர் வேற. ஒவ்வொரு தையல்லயும் கட்டம் முறியத்தான் வேணும். முறியாத சேர்ட்டை நான் என்ட 30 வருசத்துல கண்டதில்ல.

பொத்தான் பட்டியில மட்டும் முறியக் கூடாது. அது சேந்து வந்தாத்தான் நல்ல தையல். உங்கட சேர்ட்டுல நான் சேத்துத்தான் தைச்சிரிக்கன், படத்துல அரைக்கட்டம் விலகி இரிக்கி. அதையும் பாருங்க, என்ட பேர் கெடப் போகுது.

வாவிக்கரை
இதை நான் ஒரு நாளும் யோசிக்கல்ல. நான் செஞ்சதெல்லாம் பூப்போட்ட துணி, அதுல தையல்ல முறிஞ்சாலும் கண்ணுக்குத் தெரியாது. தம்பி, துண்டு துண்டாப் போடுங்க. இடப்பக்கம், வலப்பக்கம், ரெண்டு கை, கொலர், பை, ஒவ்வொண்டுக்கும் ஒரு லேயர், ஒவ்வொண்டுக்கும் மாஸ்க். ஒவ்வொரு லேயரையும் தனியாத் திருப்பி, Cage Transform-ஆல உடம்பு வளைவுக்கு இழுங்க. விலாப்பக்கம் போகப் போகக் கட்டம் ஒடுங்க வேணும், உடம்பு அங்க திரும்புதுதானே. மங்கலாக்கேக்க தையல் கோட்டைக் கூரா விடுங்க எண்டு நான் சொல்லாதது என்ட பிழை. அது இல்லாட்டி எங்க முறிக்கிறது எண்டு தெரியாது.

ஏறாவூர்_எடிட்டர்
ஒரு சேர்ட்டுக்கு ஆறு லேயரா? மச்சானைக் கூப்பிட்டு உடுத்தி எடுத்தா அஞ்சு நிமிசம்.

மருதமுனைத்_தறி
மச்சான் இப்ப கட்டார்ல காக்கா 😅 அதோட 14 நிறம் இரிக்கி. ஒருக்கா ஆறு லேயரையும் செட் பண்ணிட்டா மற்ற நிறத்துக்கு ஸ்கேனை மாத்தினாப் போதும்தானே?

வாவிக்கரை
ஓம், கட்டத்திட அளவு ஒண்டா இருந்தா.

கத்தரிக்கோல்_கல்முனை
ஒண்டா இராது. கைத்தறி. ஒரு நாள் கொஞ்சம் இறுக்கி அடிப்பாங்க, ஒரு நாள் தளர்வு. குறுக்கால எண்ணினா 40, நெடுக்கால எண்ணினா ஒவ்வொரு துணியிலயும் ஒண்டு ரெண்டு கூடக் குறைய வரும்.

நிந்தவூர்_நிலா
அதால சின்னத் துண்டை ஸ்கேன் பண்ணி ஓடு பதிச்ச மாதிரி அடுக்கவும் கூடாது. 33 கட்டத்துல வெட்டி ஒட்டினா ஒவ்வொரு 20 சென்ரிமீற்றருக்கும் ஒரு கோடு மாதிரித் தெரியும். முழு உடம்புத் துண்டையும் விறாந்தையில நிழல் வெளிச்சத்துல விரிச்சு ஒரே படமா எடுங்க. 75 சென்ரிமீற்றர் துணி 4000 பிக்சலுக்குள்ள வந்தா சென்ரிமீற்றருக்கு 53, தேவையான 37ஐ விடக் கூட.

இன்னொண்டு. இவ்வளவும் செஞ்சிட்டு வட்சப்ல அனுப்பிறாதீங்க, டொக்கியுமெண்டா அனுப்புங்க. JPEG வழக்கமா நிறத்தைப் பாதி அளவுலதான் சேமிக்கும், நீலத்துல ஓடுற மெல்லிய சிவப்புக் கோடுதான் முதல்ல சாகும். பேஸ்புக்ல முழு ஆளையும் போட்டா அங்கயும் சுருங்கி அலையடிக்கும். நெஞ்சுப் பக்கத்தை வெட்டி ரெண்டாவது படமாப் போடுங்க.

செல்வியக்கா_ஆரையம்பதி
ஒரு கேள்வி, கோவிக்க வேணாம். ஆள் உடுக்காத சேர்ட்டை உடுத்த மாதிரிக் காட்டி விக்கிறது சரியா? நான் வாங்கிறவள், அதால கேக்கிறன்.

வாவிக்கரை
அக்கா கேட்டதுக்கு முன்னால இன்னொண்டு இருக்கு, நான் முதல்லயே சொல்லியிருக்க வேணும். CatVTON, அதே வேலை செய்ற IDM-VTON, OOTDiffusion மூண்டும் CC BY-NC-SA 4.0 உரிமத்துலதான் வெளிவந்தது. NC எண்டா வியாபாரத்துக்கு இல்லை. படிக்க, பழக, வீட்டுல பாக்கலாம். கடைப் பக்கத்துல போடுறது அதுக்குள்ள வராது.

மருதமுனைத்_தறி
இப்ப சொல்றீங்களே!

நிந்தவூர்_நிலா
கடைசிப் படத்துல மாதிரியிட நிழல் மட்டும்தானே இருக்கு, துணி அவர்ட, ஆள் அவர்ட மச்சான். அதுக்கும் உரிமம் பிடிக்குமா?

வாவிக்கரை
மாதிரியை ஓட்டினதே வியாபாரத்துக்குத்தானே எண்டு நான் நினைக்கிறன். சட்டம் படிச்ச ஆக்கள் வேற சொல்லலாம். ஆனா தம்பி, உங்களுக்கு இப்ப மாதிரி தேவையே இல்லை. ஒரே நிறச் சேர்ட் ஒண்டை, வெள்ளைக்குக் கிட்டவான சாம்பல் நிறத்துல, இதே தையல்காரரிட்ட இதே அளவுல தைப்பியுங்க. ஆர் இருக்கிறாரோ அவருக்கு உடுத்தி ஒருக்காப் படம் எடுங்க. உண்மையான மடிப்பு, உண்மையான நிழல், 4000 பிக்சல்ல. ஆறு லேயரும் அதுக்கு மேல. 14 நிறத்துக்கும் அந்த ஒரு படம் போதும்.

மருதமுனைத்_தறி
தம்பியைப் புடிச்சு நிப்பாட்டலாம். சாம்பல் துணி நெய்ய ஏலாது, இப்ப தறியில வேற பாவு ஏத்தி இரிக்கி. கடையில வாங்கினா?

கத்தரிக்கோல்_கல்முனை
கடைத்துணி மெல்லிசு, உங்கட துணி மாதிரி விழாது. மடிப்பு வேற மாதிரி வரும். போன மாசம் நீங்க தந்ததுல வெள்ளைச் சாரத் துணி ரெண்டரை மீற்றர் என்னட்ட மிச்சம் கிடக்கு. அதுல தைக்கிறன். தம்பியை அளவுக்கு அனுப்புங்க, வெள்ளிக்கிழமை கடை இல்ல.

செல்வியக்கா_ஆரையம்பதி
என்ட கேள்விக்கு ஒருத்தரும் பதில் சொல்லல்ல 🙂

மருதமுனைத்_தறி
அக்கா, படத்துக்குக் கீழ "துணியின் படம் ஒட்டப்பட்டது" எண்டு எழுதுறன். துணித்துண்டு கேட்டா தபால்ல அனுப்புறன். வேற எனக்குத் தெரியல்ல.